ஐந்து வீதத்துக்குள் அடங்காத கணக்கு

"அண்ணை, பாதீட்டில கண்காணிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் எத்தினை வீதம் போடலாம்?"

புத்தூர்ச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளராக இருக்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள். கையில் நிதி வழங்குநர் அனுப்பிய முன்மொழிவுப் படிவம். அதன் பாதீட்டுப் பக்கத்தில் ஒரு வரி: கண்காணிப்பும் மதிப்பீடும் மொத்தச் செலவில் 5 வீதத்தை மீறக்கூடாது, மீறினால் காரணம் காட்டவும். அவள் ஏற்கெனவே மொத்தத்தை இருபதால் பிரித்து ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாள். ஊரில் பெரும்பாலான சங்கங்கள் இப்படித்தான் செய்கின்றன. முதலில் வீதம், பிறகு தொகை, கடைசியாக அந்தத் தொகைக்குள் என்ன செய்யலாம் என்ற யோசனை. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் கணக்கும் சரிவரும், காரணம் காட்டவும் சிரமமிருக்காது. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் இந்த வீதங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் சர்வதேச சம்மேளனம் 2011இல் வெளியிட்ட கைந்நூலில், நிதி வழங்குநர்களும் அமைப்புகளும் பொதுவாகப் பரிந்துரைப்பது 3 முதல் 10 வீதம் வரை என்று இருக்கிறது. அதே ஆண்டு அமெரிக்காவின் யூஎஸ்எய்ட் தன் மதிப்பீட்டுக் கொள்கையில் சராசரியாக 3 வீதம் என்றது. ஆனால் அந்த 3 வீதம் வெளியாரைக் கொண்டு செய்யும் மதிப்பீட்டுக்கு மட்டுமே. மாதாமாதக் கண்காணிப்பு அதற்குப் புறம்பு. யுனிசெப் 1 வீதம் என்கிறது. அதுவும் மதிப்பீட்டுக்கு மட்டும். ஆகவே ஒருவர் 1 என்றும் இன்னொருவர் 10 என்றும் சொன்னால், ஒருவர் சிக்கனக்காரர், மற்றவர் தாராளமானவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் எண்ணுகிற சாமான்களே வேறு. கள உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிள் பெற்றோல் உள்ளே வருகிறதா, ஆரம்பநிலை ஆய்வு உள்ளே வருகிறதா என்று கேட்காமல் இரண்டு வீதங்களை ஒப்பிடுவதில் பிரயோசனமில்லை.

"அப்ப எங்கட 5 வீதத்துக்குள்ள என்னென்ன வரும்?" என்றாள். படிவத்தில் அது எழுதப்படவில்லை. ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கச் சொன்னேன். பேரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இனி கணக்குக்கு வருவோம். கீழே வரும் ரூபாய்த் தொகைகள் விளங்குவதற்காக நான் வைக்கும் உத்தேசங்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மரக்கறியும் செய்யும் 400 குடும்பங்கள். மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவுக்கு மட்டும் யூரியா போடப் பழக்குவது, கூட்டெருவுக்கு உதவுவது, இறைப்பைச் சீராக்குவது. இரண்டு ஆண்டுகள், மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் ரூபாய். அதாவது குடும்பத்துக்கு 30,000. இதன் பின்னாலுள்ள பிரச்சினை வலிகாமத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆறு குளம் என்று பெரிதாக இல்லாத இந்த மண்ணில் குடிக்கவும் இறைக்கவும் நிலத்தடி நீர்தான். சுண்ணாம்புப் பாறைக்கு மேலே மண் தடிப்பு குறைவு. தோட்டத்தில் கூடிப்போகும் உரமும், வளவிலுள்ள மலக்குழியின் கசிவும் நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குகின்றன. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்றுக் கூடியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் போத்தலில் பால்மா கரைத்துக் குடிக்கும் பச்சைக் குழந்தைகளுக்கு ஆபத்து.

இந்தத் திட்டத்தில் நாங்கள் அறிய வேண்டியவை எவை? தங்கச்சியின் படிவத்தில் பதினெட்டுக் குறிகாட்டிகள் இருந்தன. பயிற்சிக்கு வந்தவர்கள் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை, துண்டுப்பிரசுரம் எத்தனை என்று நீண்டது. அவற்றை ஒருபக்கம் வைத்துவிட்டு ஒன்று கேட்டேன்: "இரண்டு வருசம் முடியேக்க என்ன தெரிஞ்சா, அடுத்து என்ன செய்யிறதெண்டு நீங்கள் முடிவெடுப்பியள்?" சற்று யோசித்துவிட்டு இரண்டு சொன்னாள். கமக்காரர் உண்மையாகவே யூரியாவைக் குறைத்தார்களா? கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்றுக் குறைந்ததா? குறைந்தது என்றால் வலிகாமம் கிழக்கில் இன்னும் 2,000 குடும்பங்களுக்கு இதைக் கொண்டுபோகக் கேட்பார்கள். குறையவில்லை என்றால் வேறு வழி பார்ப்பார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் விடை காண என்ன செலவாகும் என்பதுதான் கணக்கு.

முதல் கேள்விக்கு வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். எத்தனை வீடு? இதற்குப் புள்ளிவிவரவியலில் பழைய சூத்திரம் உண்டு. நூற்றுக்கு 60 பேர் குறைத்தார்கள் என்று நம் விடை வந்தால், உண்மை 50க்கும் 70க்கும் இடையில் இருக்கிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, பெரிய சனத்தொகையில் 96 வீடு போதும். 400 வீடுதான் மொத்தம் என்றால் 78 போதும். வீட்டில் ஆளில்லாமல் போவது, இடையில் விலகுவது எல்லாம் சேர்த்து 90 என்று வைப்போம். அதற்கும் கூடுதலாக, திட்டத்தில் சேராத அயல் கமக்காரர் 40 பேரையும் கேட்க வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆக 130 வீடு, தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. கேட்பவரின் நாட்கூலி, போக்குவரத்து, விடைகளைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவது எல்லாமாக வீட்டுக்கு 2,500 ரூபாய் என்றால் 6 இலட்சத்து 50 ஆயிரம்.

இரண்டாவது கேள்விக்குத் தண்ணீர் எடுக்க வேண்டும். திட்டத் தோட்டங்களுக்கு அருகே 20 கிணறு, தூரத்தில் ஒப்பிடுவதற்கு 10 கிணறு. நைத்திரேற்று மாரிக்கும் கோடைக்கும் ஒரேயளவாக இருப்பதில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை மண்ணிலுள்ளதைக் கழுவிக் கீழே இறக்கும். அதே மழை கிணற்று நீரைக் கூட்டி ஐதாக்கவும் செய்யும். எந்தக் கிணற்றில் எது முந்தும் என்பது இடத்துக்கு இடம் மாறும். முதல் மாதிரியைப் புரட்டாசியிலும் கடைசி மாதிரியைத் தையிலும் எடுத்தால், நீங்கள் அளந்தது திட்டத்தையா மழையையா என்று சொல்ல முடியாது. எனவே தொடக்க ஆண்டில் இரு பருவம், கடைசி ஆண்டில் இரு பருவம், ஆக நான்கு சுற்று. 30 கிணற்றுக்கு 120 மாதிரி. ஆய்வுகூடத்தைச் சோதிக்க, ஒரே கிணற்றிலிருந்து இரண்டு போத்தல் நிரப்பி வேறு வேறு இலக்கமிட்டு அனுப்புவது 12. மொத்தம் 132 மாதிரி, ஒன்றுக்கு 1,500 ரூபாய். ஐஸ் பெட்டியோடு வாகனம் சுற்றுக்கு 8,000. எல்லாமாக 2 இலட்சத்து 30 ஆயிரம்.

இங்கே ஒரு பொறி உண்டு. சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்று என்று அறிக்கை தரும். சில, நைத்திரேற்றிலுள்ள நைதரசன் என்று தரும். முதலாவதன் எல்லை 50. இரண்டாவதன் எல்லை ஏறக்குறைய 11. ஒரு கிணற்றில் 20 என்று வந்தால், முதலாவது முறைப்படி அது நல்ல தண்ணீர், இரண்டாவது முறைப்படி எல்லையை எட்டத் தாண்டிய தண்ணீர். தொடக்கத்தில் ஓரிடத்திலும் முடிவில் இன்னோரிடத்திலும் சோதித்து, இதைக் கவனிக்காமல் விட்டால் நைத்திரேற்று நான்கில் ஒன்றாகக் குறைந்தது என்று மேடையில் அறிவித்து விடுவோம். இதைக் கண்டுபிடிக்கிற வழி எளிது. எல்லாக் கிணறும், ஒப்பீட்டுக் கிணறும் உட்பட, ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் கிணற்றை விட்டுவிட்டு அறிக்கையின் அலகைப் பாருங்கள்.

மிச்சச் செலவு இரண்டு. கள உத்தியோகத்தர் மாதாமாதம் தோட்டத்துக்குப் போய்ப் பதிவு எடுக்கும் நேரம், மாதம் 8,000 வீதம் 24 மாதத்துக்கு 1 இலட்சத்து 92 ஆயிரம். முடிவில் வெளியாள் ஒருவர் 12 நாள் வந்து பார்ப்பது, நாளுக்கு 20,000 வீதம் 2 இலட்சத்து 40 ஆயிரம்.

கூட்டினால் 13 இலட்சத்து 12 ஆயிரம். மொத்தத்தில் 10.9 வீதம். தங்கச்சி எழுதி வைத்திருந்தது 6 இலட்சம்.

"ஐயோ, ரெண்டு மடங்கையும் தாண்டிப் போகுது" என்றாள்.

தாண்டத்தான் செய்யும். காரணம் விளங்க, அதே திட்டத்தைச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் பார்ப்போம். 200 குடும்பம், 60 இலட்சம் ரூபாய் என்று வையுங்கள். குடும்பம் பாதியாகிவிட்டது. ஆனால் கேட்க வேண்டிய வீடு 90லிருந்து 75க்குத்தான் குறைகிறது. கிணறுகளின் எண்ணிக்கை குறையாது, மழைக்காலம் இரண்டுதான், வெளியாள் வந்து படிக்கிற கோப்பும் அதே தடிப்பு. செலவு 12 இலட்சத்து 37 ஆயிரம். வீதமோ 20ஐத் தாண்டிவிடும். மறுபக்கம் 800 குடும்பம், 2 கோடியே 40 இலட்சம் என்றால் கேட்க வேண்டியது 98 வீடு. செலவு 13 இலட்சத்து 52 ஆயிரம், 5.6 வீதம். 2,000 குடும்பம், 6 கோடி என்றால் 105 வீடு. மாதாந்தப் பதிவுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும். அதை விட்டுப் பார்த்தால் 2.3 வீதம்.

நாலு திட்டத்திலும் செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறியது கீழே வைத்துப் பிரிக்கிற தொகை மட்டுமே. பானைச் சோறு பெரிதோ சிறிதோ, பதம் பார்க்க எடுக்கும் பருக்கை அந்தளவுக்குக் கூடிக் குறைவதில்லை. சிறிய சங்கத்துக்கும் பெரிய நிறுவனத்துக்கும் ஒரே 5 வீதம் என்று விதித்தால், பெரியவருக்கு அது தேவைக்கு மிஞ்சிய காசு, சிறியவருக்கு எந்தக் கேள்விக்கும் முழுதாக விடை தராத காசு. சிறு அமைப்புகளின் அறிக்கைகளில் பயிற்சிக்கு வந்தவர்களின் தலைக்கணக்கு மட்டும் நிறைந்திருப்பதற்கு அவர்களுடைய அக்கறையின்மை காரணமில்லை. 5 வீதத்துக்குள் எண்ணக்கூடியது அதுவாகத்தான் இருக்கிறது. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், நிதி வழங்குநர்களிடம் நேரே சொல்லவும் வேண்டும்.

ஆனால் 10.9 வீதத்தைக் கொண்டுபோய் அப்படியே வைத்தாலும் சரிவராது. ஒவ்வொரு செலவையும் எதற்காக என்று கேட்டுக் கழிக்க வேண்டும்.

முதலில் கிணறுகள். இரண்டு ஆண்டில் 400 குடும்பம் யூரியாவைக் குறைத்தால் கிணற்றில் தெரியுமா? தெரியாமல் போக நிறையக் காரணம் உண்டு. மண்ணில் ஏற்கெனவே சேர்ந்திருப்பது இன்னும் சில மாரிக்கு இறங்கிக்கொண்டிருக்கும். கிணற்றுக்கு வரும் தண்ணீர் அந்தத் தோட்டத்தினது மட்டுமல்ல. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்கூடாக அயல் தோட்டத்தாரின் உரமும் அயல் வளவின் மலக்குழியும் அதே நீருக்கு வருகின்றன. சிறிய திட்டம் தன் கைக்கு எட்டாத ஒன்றை வாக்குறுதியாக எழுதிவிட்டு, அதை அளக்க இரண்டேகால் இலட்சத்துக்கு மேல் செலவழித்து, கடைசியில் ஒன்றும் சொல்ல முடியாமல் நிற்கும். எனவே முன்மொழிவில் "கிணற்று நீரில் நைத்திரேற்றுக் குறையும்" என்ற வரியை எடுத்துவிட்டு, "கமக்காரர் பரப்புக்குப் போடும் யூரியா குறையும்" என்று எழுதச் சொன்னேன். கிணற்று நீரை ஆண்டுக்கணக்காகப் பார்ப்பது பல்கலைக்கழகமும் நீர்வழங்கல் சபையும் செய்ய வேண்டிய பெரிய வேலை. இந்தத் திட்டத்தின் பதிவுகளை அவர்களுக்குக் கொடுக்கலாம். 2 இலட்சத்து 30 ஆயிரம் கழிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அளப்பதைக் கைவிட எல்லா இடத்திலும் இந்த நியாயத்தைப் பயன்படுத்தக் கூடாது. குளத்து நீரால் வரும் வயிற்றோட்டத்தைத் தடுக்க 1970களிலிருந்து வங்காளதேசத்தில் யுனிசெப்பின் உதவியோடு குழாய்க்கிணறுகள் பெருமளவில் போடப்பட்டன. அந்தத் தண்ணீரில் ஆசனிக்கு இருக்கிறதா என்று அப்போது யாரும் சோதிக்கவில்லை. 1993இல்தான் அங்கே அது கண்டறியப்பட்டது. அதற்குள் கோடிக்கணக்கானோர் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். 1992இல் பிரித்தானியப் புவியியல் அளவை நிறுவனம் அங்கே கிணறுகளை ஆய்வு செய்தது. அந்தப் பட்டியலிலும் ஆசனிக்கு இருக்கவில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை போய் 2006இல் தள்ளுபடியானது. நம் திட்டம் சனத்துக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதாக இருந்திருந்தால், ஒரு கிணற்றின் சோதனையைக்கூடக் கழிக்க நான் சம்மதித்திருக்க மாட்டேன். நாங்கள் கொடுக்கும் பொருள் ஆளுக்குத் தீங்கு செய்யுமா என்ற கேள்வி வீதக்கணக்குக்குள் வராது. அதைக் கண்காணிப்புச் செலவாக எழுதாமல், தண்ணீர் கொடுக்கும் செலவின் பகுதியாகவே எழுத வேண்டும்.

அடுத்தது அந்த 40 அயல் கமக்காரர். நிதி வழங்குநர் முதலில் வெட்டச் சொல்வது இதைத்தான். திட்டத்தில் இல்லாதவர்களைக் கேட்க எதற்குக் காசு? நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 2021ஆம் ஆண்டு அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. அதே ஆண்டு கார்த்திகை மாதமளவில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் 2022இல் ரூபாய் விழுந்து உர விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2020இல் தொடங்கி 2022இல் முடிந்த உரக்குறைப்புத் திட்டம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் பரப்புக்கு இவ்வளவு யூரியா, முடிவில் அதில் கால்வாசி. திட்டம் பெருவெற்றி என்று எழுதலாம். உண்மையில் பயிற்சிக்கு வராத கமக்காரனும் அந்தக் காலத்தில் யூரியா போடவில்லை, போட அவனிடம் இருக்கவில்லை. அயலவர்களைக் கேட்டிருந்தால் அவர்களும் அதேயளவு குறைத்தது தெரிந்திருக்கும், திட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதும் தெரிந்திருக்கும். 40 வீடு என்பது நுணுக்கமான ஒப்பீட்டுக்குப் போதாது; விடை 15 புள்ளி அங்காலே இங்காலே போகும். ஆனால் இப்படியான பெரிய பொய்வெற்றியைக் காட்டிக்கொடுக்கப் போதும். இதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றேன்.

வெளியாளின் 12 நாளை 6 ஆக்கலாம். வீட்டு விடைகளைச் சங்கமே சேர்த்து ஒழுங்காக வைத்திருந்தால், அவர் வந்து எழுந்தமானமாகப் பத்துப் பதினைந்து வீட்டுக்குத் திரும்பப் போய் அதே கேள்வியைக் கேட்டு, நம் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். ஒன்றேகால் இலட்சத்துக்குச் சற்றுக் குறைய மிச்சம். கள உத்தியோகத்தரின் 1 இலட்சத்து 92 ஆயிரம் வேறு மாதிரி. அவர் எப்படியும் மாதாமாதம் தோட்டத்துக்குப் போகிறவர்தான். பதிவு எடுப்பது அவருடைய ஆலோசனை வேலையோடு சேர்ந்தது. அந்தத் தொகையைச் சம்பள வரியில் வைப்பது நியாயம்.

"அப்ப மிச்சத்தையும் இப்பிடியே பயிற்சிச் செலவுக்குள்ள போட்டு ஒளிச்சு விடலாமே?" என்று கேட்டாள். பலர் செய்வதுதான். நான் வேண்டாமென்றேன். ஒளித்து வைத்த காசுக்குப் பொறுப்பாளர் கிடையாது. பயிற்சிக்கு மண்டப வாடகை கூடினால் அது சத்தமில்லாமல் அங்கே போய்விடும், கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். கணக்காய்வாளர் வந்து பயிற்சி வரியில் வீட்டு ஆய்வின் பற்றுச்சீட்டைக் கண்டால் அந்தச் செலவையே ஏற்க மறுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த முறை இதே வேலைக்கு உண்மையில் எவ்வளவு போனது என்று சங்கத்துக்கே தெரியாமல் போகும். சம்பள வரியில் வைத்தாலும் அதற்குப் பக்கத்தில் "இதில் மாதம் 8,000 பதிவு எடுக்கும் நேரத்துக்கு" என்று எழுதிவிட வேண்டும்.

இப்போது மிஞ்சுவது வீட்டு ஆய்வு 6 இலட்சத்து 50 ஆயிரம், வெளியாள் 1 இலட்சத்து 20 ஆயிரம். 7 இலட்சத்து 70 ஆயிரம், 6.4 வீதம். 5 வீதத்தை விட 1 இலட்சத்து 70 ஆயிரம் கூட. அதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும்.

காரணத்தை எப்படி எழுதுவது? "கண்காணிப்பு வெளிப்படைத்தன்மைக்கு இன்றியமையாதது" என்ற வகை வசனங்களை நிதி வழங்குநரின் உத்தியோகத்தர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாசிக்கிறார். மற்ற நிறுவனங்கள் 10 வீதம் வரை கொடுக்கின்றன என்பதும் பலமான வாதமில்லை. எங்கள் விதி 5 என்று திருப்பிச் சொல்லிவிடுவார். அவரும் தன் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவர் கையில் கொடுக்கக்கூடியது, எந்த முடிவு இந்தக் காசில் தங்கியிருக்கிறது என்பதுதான். நாங்கள் சேர்ந்து எழுதிய பந்தி ஏறத்தாழ இப்படி:

"இத்திட்டத்தின் முடிவில், இதே முறையை மேலும் 2,000 குடும்பங்களுக்கு விரிப்பதா என்று தீர்மானிக்கப்படும். குடும்பத்துக்கு 30,000 ரூபாய்ப்படி அதன் செலவு 6 கோடி. அந்தத் தீர்மானத்துக்குத் தேவையான தரவைப் பெற 7 இலட்சத்து 70 ஆயிரம் கோருகிறோம். இது அந்த 6 கோடியில் 1.3 வீதம். 400 குடும்பங்களில் 90ஐயும் அயலவர் 40ஐயும் இருமுறை கேட்பதே இதற்குப் போதுமான மிகக் குறைந்த அளவு. அயலவரைக் கேட்காவிட்டால், உர விலை மாற்றத்தால் வந்த குறைவையும் திட்டத்தால் வந்த குறைவையும் பிரித்தறிய முடியாது. கிணற்று நீர்ச் சோதனையை இக்கால எல்லைக்குள் விடை கிடைக்காதென்பதால் சேர்க்கவில்லை."

கடைசி வசனத்தை எடுத்துவிடலாமா என்று தங்கச்சி கேட்டாள், பலவீனத்தைக் காட்டுவதுபோல் இருக்கிறதாம். நான் அதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். எதை அளக்கப் போவதில்லை என்று சொல்பவர், அளக்கக் கேட்கிற மிச்சத்தையும் யோசித்துத்தான் கேட்டிருக்கிறார் என்று வாசிப்பவருக்குத் தெரியும்.

விரிவாக்கம் என்ற யோசனையே இல்லாத திட்டமானால் இந்தப் பந்தி பொருந்தாது. ஒரு கோயில் கேணியைத் தூர்வாருவது, ஒரு பாடசாலைக்கு மலசலகூடம் கட்டுவது போன்றவற்றுக்கு 130 வீட்டு ஆய்வு வீண்செலவு. வேலை முடிந்ததா, தரமாக முடிந்ததா, ஓராண்டின் பின்னும் பாவனையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதற்கு 1 வீதமே கூட. 5 வீதம் அனுமதி இருக்கிறதே என்று அங்கே நிரப்பி எழுதுவதும் பிழைதான்.

காசு கிடைத்த பிறகு அதைக் காப்பாற்றுவது வேறு வேலை. வீட்டு ஆய்வின் இரண்டாம் பாதி திட்டத்தின் கடைசி மாதங்களில் வருகிறது. மற்ற வரிகளில் துண்டு விழும் தொகையெல்லாம் அந்தக் கடைசிப் பணத்தைத்தான் தின்னும். 2022இல் சில கிழமைக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டி, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாங்கள் எல்லோரும் கண்டோம். இன்றைய விலையில் போட்ட கடைசி ஆண்டுச் செலவு கடைசி ஆண்டில் போதாமல்தான் இருக்கும். ஆகவே கடைசிச் சுற்றின் வீட்டுக் கூலியைக் கொஞ்சம் உயர்த்தியே எழுத வேண்டும். மாற்றீடு செய்யும்போது இந்த வரியிலிருந்து எடுப்பதானால் நிதி வழங்குநரின் எழுத்துமூல அனுமதி வேண்டுமென்று ஒப்பந்தத்திலேயே போடச் சொன்னேன். சங்கத்தின் கையைச் சங்கமே கட்டிக்கொள்வதுபோல் தோன்றும். அவசரத்தில் அது நல்லது.

தொடக்கச் சுற்று தவறினால் முழுக் காசும் போகும். ஒப்பந்தம் கையெழுத்தாகி, உத்தியோகத்தரை எடுத்து, மேசை கதிரை வாங்கி, பயிற்சி தொடங்கி எட்டாம் மாதத்தில் ஆரம்பநிலை ஆய்வு செய்யும் திட்டங்கள் உண்டு. அதற்குள் முதல் பயிற்சிக்கு வந்தவர்கள் உரத்தைக் குறைக்கத் தொடங்கியிருப்பார்கள். "போன வருசம் எவ்வளவு போட்டனீங்கள்?" என்று கேட்டால் ஞாபகத்திலிருந்து ஒரு விடை வரும். அது கேட்பவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சொல்லும் விடையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உரம் போடுகிற நேரத்திலேயே, வெங்காயப் பாத்திக்குப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். "யூரியாவைக் குறைச்சீங்களா?" என்று கேட்கக் கூடாது. "இந்த நாலு பரப்புக்கும் இந்தப் போகத்தில எத்தினை தரம் போட்டனீங்கள், ஒரு தரத்துக்கு எத்தினை கிலோ?" என்று கேட்டு, அவர் அந்தர்க் கணக்கில் சொன்னால் அந்தரிலேயே எழுதி, பிறகு நாங்கள் மாற்ற வேண்டும். வீட்டு மூலையில் மிஞ்சியிருக்கும் உரப்பையைப் பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். முடிவுச் சுற்றில் ஒரு சொல்லும் மாறாமல் அதே கேள்வி, அதே போகத்தில்.

"எல்லாஞ் சரி அண்ணை, 6.4க்கு அவை ஓமெண்டாட்டி?"

அப்போதும் அயலவரை வெட்ட வேண்டாம். திட்ட வீடுகளை 90லிருந்து 60 ஆக்கினால் 1 இலட்சத்து 50 ஆயிரம் மிச்சம். விடை பத்துப் புள்ளிக்குப் பதிலாகப் பன்னிரண்டு புள்ளி அங்காலே இங்காலே போகும். குறைப்பு உண்மையில் பெரிதாக இருந்தால் அதுவும் காணும். இன்னும் 20,000 வேண்டும். வெளியாளின் நாளில் ஒன்றைக் குறைத்தால் 5 வீதம் வந்துவிடும். ஆனால் முன்மொழிவில் எந்த இடத்தில் பத்துப் புள்ளி என்று எழுதியிருக்கிறதோ அங்கே பன்னிரண்டு என்று திருத்தி அனுப்ப வேண்டும். வெட்டுப்பட்டது எது, அதனால் இனிமேல் சொல்ல முடியாதது எது என்று நிதி வழங்குநரும் கையெழுத்திட்டால், இரண்டு ஆண்டு கழித்து ஏன் இவ்வளவு மொட்டையாகச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்கமாட்டார்.

தங்கச்சி பேனையை எடுத்து 6 இலட்சத்தை வெட்டினாள். புதிய தொகையை எழுதுவதற்கு முன், பதினெட்டுக் குறிகாட்டியில் எதையெல்லாம் எடுக்கலாமென்று முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.